அட்டை எதற்காகக் காத்திருக்கிறது? புதிய குழுத் தலைவர் ஸ்பிரிண்ட் பலகையைப் படிக்கும் முறை

நான் முதன்முதலாகக் குழுத் தலைவரானபோது, ஸ்பிரிண்ட் பலகையைத் தினமும் இடமிருந்து வலமாக, பெயர் பெயராகப் படித்துக்கொண்டிருந்தேன். யாரிடம் எத்தனை அட்டைகள் இருக்கின்றன, யார் என்ன செய்கிறார் என்று பார்ப்பதுதான் என் வேலை என்று நினைத்தேன். எல்லாருடைய பெயரிலும் அட்டை இருந்தது. எல்லாரும் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். இருந்தும் பத்தாம் நாள் மாலை வந்தபோது பாதி அட்டைகள் முடியாமல் கிடந்தன. எந்த நாளில், எந்த இடத்தில் அவை நின்றுபோயின என்று மேலாளர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

பலகையில் மனிதர்களைத் தேடாமல் அட்டைகளின் வயதைத் தேட வேண்டும் என்பது அதன் பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஓர் அட்டை ஒரே பத்தியில் எத்தனை நாளாக நிற்கிறது, அடுத்து அதில் கை வைக்க வேண்டியவர் யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், ஏன் நிற்கிறது என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும். இதை எப்படிச் செய்வது என்று, நான் கையாண்ட ஒரு ஸ்பிரிண்டை வைத்தே சொல்கிறேன்.

அந்தப் பலகை

எங்களுடையது கட்டணச் சேவை மென்பொருள் எழுதும் குழு. சிங்கப்பூரில் மூன்று நிரலாளர்கள், சென்னையில் இரண்டு நிரலாளர்களும் ஒரு சோதனையாளரும். ஸ்பிரிண்ட் இரண்டு வாரம், அதாவது பத்து வேலைநாள். புதன்கிழமை தொடங்கி, அடுத்தடுத்த வாரச் செவ்வாய்க்கிழமை முடியும்.

ஆறாம் நாள், புதன்கிழமை காலை பலகை இப்படி இருந்தது: ‘செய்ய வேண்டியவை’ பத்தியில் நான்கு அட்டைகள், ‘நடப்பவை’யில் ஐந்து, ‘ரிவ்யூ’வில் நான்கு, ‘டெஸ்டிங்’கில் ஒன்று, ‘முடிந்தவை’யில் இரண்டு. மொத்தம் பதினாறு. பாதி நாட்கள் கடந்துவிட்டன, முடிந்தது எட்டில் ஒரு பங்குதான். ஆனால் தினசரிக் கூட்டத்தில் ஒருவர்கூடத் தமக்குத் தடை இருப்பதாகச் சொல்லியிருக்கவில்லை.

முதல் படி: கூட்டத்துக்கு முன் தனியாக, வலமிருந்து இடமாக

தினசரிக் கூட்டத்துக்கு முன்னால் பத்து நிமிடம் ஒதுக்கிப் பலகையைத் தனியாகப் பாருங்கள். கூட்டம் பதினைந்து நிமிடம்தான். அதற்குள் ஒவ்வோர் அட்டையையும் திறந்து வரலாறு பார்க்க நேரம் இருக்காது. எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு கூட்டத்துக்குள் நுழைய வேண்டும்.

வலது ஓரத்திலிருந்து தொடங்குங்கள். ‘முடிந்தவை’க்கு மிக அருகில் நிற்கும் அட்டையில் ஏற்கெனவே அதிக உழைப்பு போயிருக்கிறது, அதை முடிக்க மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். இடப்புறத்திலிருந்து தொடங்கினால் புதிதாக என்ன எடுக்கலாம் என்றுதான் புத்தி போகும். எங்கள் பலகையில் வலமிருந்து பார்த்தவுடன் ஒன்று தெரிந்தது. டெஸ்டிங்கில் ஒரே ஓர் அட்டை. சோதனையாளர் வேலைக்காகக் காத்திருக்கிறார். அதற்கு முந்தைய பத்தியில் நான்கு அட்டைகள். பத்திகளுக்கு நடுவில் ஒன்று காலியாகவும் அதன் இடப்புறம் நிறைந்தும் இருந்தால், அடைப்பு அந்த நிறைந்த பத்தியில்தான் இருக்கும். வாய்க்காலில் மடை அடைத்துக்கொண்டால் மேலே நீர் தேங்கும், கீழே வறளும். இதுவும் அப்படித்தான்.

இரண்டாம் படி: வயதைப் பாருங்கள்

நான்கு அட்டைகள் இருப்பதாலேயே அவை தேங்கியிருக்கின்றன என்று சொல்லிவிட முடியாது. நான்கும் இன்று காலை வந்தவையாக இருக்கலாம். அதனால் ஒவ்வொன்றும் எத்தனை நாளாக அந்தப் பத்தியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஜிராவில் பலகை அமைப்புகளுக்குள் அட்டையின் தோற்றத்தை மாற்றும் பகுதியில் `Days in column` என்று ஒரு தெரிவு உண்டு. அதை இயக்கினால் அட்டையின் அடியில் சிறு புள்ளிகள் வரும். நாட்கள் கூடக் கூடப் புள்ளிகளும் கூடும். எல்லா வகைப் பலகையிலும் இந்தத் தெரிவு கிடைப்பதில்லை. உங்கள் பலகையில் இல்லையென்றால் கீழே உள்ள தேடலைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். மேற்கோள் குறிக்குள் இருப்பது நிலையின் பெயர். உங்கள் பலகையில் உள்ள பெயரை அப்படியே இட வேண்டும்.

```
sprint in openSprints() AND status = "In Review"
AND NOT status CHANGED AFTER -3d
```

நடப்பு ஸ்பிரிண்டில் ரிவ்யூவில் இருந்துகொண்டு, கடந்த மூன்று நாளில் நிலை மாறாத அட்டைகளை இது காட்டும். இதில் புதியவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. `-3d` என்பது நாட்காட்டி நாள்; சனி, ஞாயிறும் அதில் சேரும். திங்கட்கிழமை காலை இதே தேடலை ஓட்டினால், வெள்ளிக்கிழமை காலைக்கு முன் வந்த அட்டைகள் எல்லாம் வரிசையில் நிற்கும். அவற்றில் சில ஒன்றிரண்டு வேலைநாள்கூட முழுதாகக் கடந்திராது. திங்களன்றும் செவ்வாயன்றும் `-5d` என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் ஆனால் ‘நின்றுவிட்டது’ என்று சொல்லலாம்? இதற்குப் பொதுவான எண் கிடையாது. உங்கள் குழுவின் வழக்கம்தான் அளவுகோல். முந்தைய இரண்டு, மூன்று ஸ்பிரிண்டுகளில் முடிந்த அட்டைகளைத் திறந்து, ஒவ்வொரு பத்தியிலும் சாதாரணமாக எத்தனை நாள் இருந்திருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர வேலைதான். எங்கள் குழுவில் ரிவ்யூ சாதாரணமாக ஒரு நாள், டெஸ்டிங் ஒன்றரை நாள், ‘நடப்பவை’ இரண்டு முதல் மூன்று நாள். அதில் இரு மடங்கைத் தொட்டுவிட்ட அட்டையை நான் திறந்து பார்ப்பேன். இரு மடங்கு என்பது என் கணக்கு. நீங்கள் வேறு வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஏதாவது ஒன்றை முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அன்றைய மனநிலைதான் அளவுகோலாகிவிடும்.

அன்று ரிவ்யூவில் இருந்த நான்கில் ஒன்று வியாழக்கிழமை வந்தது, இரண்டு வெள்ளிக்கிழமை வந்தவை, ஒன்று முந்தைய நாள் வந்தது. கடைசியானதில் கவலையில்லை. மற்ற மூன்றும் எல்லையைத் தொட்டிருந்தன அல்லது தாண்டியிருந்தன.

மூன்றாம் படி: அட்டையைத் திறந்து, அடுத்த கை யாருடையது என்று பாருங்கள்

அட்டையின் மேல் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயருக்குரியவர்தான் தாமதத்துக்குக் காரணம் என்று கண் உடனே முடிவு செய்துவிடும். ரிவ்யூ பத்தியில் இது பெரும்பாலும் தவறு. நிரல் எழுதியவர் தம் வேலையை முடித்துவிட்டார்; இப்போது கை வைக்க வேண்டியவர் இன்னொருவர். அவர் பெயர் அட்டையில் இருக்காது, புல் ரிக்வெஸ்ட்டில் இருக்கும்.

மூன்று அட்டைகளின் புல் ரிக்வெஸ்ட்டுகளையும் திறந்தேன். மூன்றிலும் ஒரே பெயர்: எங்கள் குழுவின் மூத்த நிரலாளர். எழுதியவர்கள் மூன்று வெவ்வேறு பேர். யாரும் அவரைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. களஞ்சியமே அவரைத் தானாகச் சேர்த்திருந்தது. கிட்ஹப்பில் `CODEOWNERS` என்றொரு கோப்பு உண்டு. எந்தக் கோப்புறையை மாற்றினால் யார் ஒப்புதல் தர வேண்டும் என்று அதில் எழுதி வைக்கலாம். எங்களுடையதில் இருந்தது இந்த வரி:

```
/payments/   @senior-dev
```

அந்த ஸ்பிரிண்டில் ஏறக்குறைய எல்லா வேலையும் அந்தக் கோப்புறையில்தான். ஆக எல்லா அட்டையும் ஒரே வாசல் வழியாகப் போக வேண்டியிருந்தது. அந்த வாசலில் நின்றவரோ அந்த வாரம் வாடிக்கையாளர் கோளாறுகளைக் கவனிக்கும் முறையில் இருந்தார். அந்த வேலை எங்கள் ஸ்பிரிண்ட் பலகையில் இல்லை, தனிப் பலகையில் இருந்தது. போதாததற்கு ‘நடப்பவை’யில் அவர் பெயரிலும் ஓர் அட்டை. பலகையை மட்டும் பார்த்தால் அவரிடம் ஒரே ஒரு வேலை இருப்பதுபோல் தெரியும். உண்மையில் அவர் தலையில் ஐந்து இருந்தன.

இப்படிப் பலகைக்கு வெளியே இருக்கும் வேலையை நினைவில் வைத்துக்கொள்வது தலைவரின் பொறுப்பு. சிங்கப்பூரில் இதற்கு இன்னொரு முகம் தேசிய சேவை முகாம் பயிற்சி. அழைப்பு முன்கூட்டியே வந்துவிடும், தேதியும் தெரியும். ஆனாலும் ஆள் முகாமுக்குப் போன பிறகு அவர் பெயரில் அட்டை அப்படியே நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஸ்பிரிண்ட் தொடங்கும் நாளிலேயே விடுப்பு, முகாம், கோளாறு கவனிக்கும் முறை மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

சென்னையுடன் சேர்ந்து வேலை செய்பவர்கள் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சென்னையில் காலை 10 மணிக்கு வேலை தொடங்கினால் இங்கே பகல் 12.30. இங்கே மாலை 6 மணிக்குக் கிளம்பினால் அங்கே 3.30. இரு பக்கத்து மதிய உணவையும் கழித்தால், இரு தரப்பும் ஒன்றாக இருக்கையில் இருப்பது நாளுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். ரிவ்யூ செய்பவர் சென்னையில் மாலை 5 மணிக்கு ஒரு கேள்வியை எழுதுகிறார். நிரல் எழுதியவர் அதை மறுநாள் காலை சிங்கப்பூரில் பார்த்து 9.30க்குப் பதில் போடுகிறார். அதைச் சென்னை பார்க்கும்போது இங்கே மதியமாகிவிடுகிறது. ஒரு கேள்விக்கு முக்கால் நாள் போயிற்று. இரண்டு கேள்வி வந்தால், யாரும் சோம்பியிராமலேயே அட்டை இரண்டு நாள் நிற்கும். இத்தகைய அட்டைகளை வரலாற்றில் பார்த்தால் கருத்துகளின் நேரம் ஒரு மாலை, ஒரு காலை, ஒரு மாலை, ஒரு காலை என்று மாறி மாறி வரும். அதைக் கண்டால் மதியம் 2 மணிக்கு இருவரையும் பத்து நிமிடம் அழைப்பில் உட்கார வையுங்கள். விடுமுறைகளும் இப்படித்தான் குறுக்கே வரும்: பொங்கலுக்குச் சென்னை மூடியிருக்கும், இங்கே வேலை நடக்கும், சீனப் புத்தாண்டின் இரண்டு நாளும் இங்கே விடுமுறை, அங்கே வேலை.

நான்காம் படி: ‘நடப்பவை’ பத்தியில் மூன்று வேஷங்கள்

ரிவ்யூவில் நிற்கும் அட்டை வெளிப்படையாக நிற்கும். ‘நடப்பவை’யில் நிற்பது அப்படியில்லை, நகர்வதுபோல் வேஷம் போடும். எங்கள் ஐந்து அட்டைகளில் மூன்று அப்படி இருந்தன.

முதலாவது, மிகவும் இளமையாகத் தெரிந்த அட்டை. வாடிக்கையாளருக்குப் பகுதிப் பணம் திருப்பித் தரும்போது பொருள் சேவை வரியைக் கணக்கிடுவது அதன் வேலை. நேற்றுதான் இந்தப் பத்திக்கு வந்திருந்தது. ஆனால் வரலாற்றைத் திறந்தால் அது மூன்றாவது முறையாக இந்தப் பத்திக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தது. டெஸ்டிங்குக்குப் போகும், பிழையென்று திரும்பி வரும், திருத்தப்பட்டு மறுபடி போகும். கடைசியாகப் பத்தி மாறிய நாளை மட்டும் பார்த்தால் இது தெரியாது. இப்படி ஊஞ்சலாடும் அட்டைகளைப் பிடிக்க இந்தத் தேடல்:

```
sprint in openSprints() AND status = "In Progress"
AND status WAS "In Testing"
```

ஒருமுறை திரும்பி வருவது சாதாரணம். இரண்டாவது முறையும் திரும்பினால், நிரலில் பிழை என்பதைவிட, எது சரி என்பதில் இருவருக்கும் ஒத்த புரிதல் இல்லை என்று சந்தேகிக்க வேண்டும். இருவரின் கருத்துகளையும் அருகருகே வைத்துப் படித்தேன். சோதனையாளர் எடுத்துக்கொண்ட உதாரணம் இது: வரிக்கு முன் தலா 1.15 வெள்ளி விலையுள்ள மூன்று பொருட்கள். வரி 9 விழுக்காடு. நிரலாளர் பொருளுக்குப் பொருள் கணக்கிட்டிருந்தார். ஒன்றுக்கு வரி 0.1035, அதைக் காசுக்கு முழுமையாக்கினால் 0.10, மூன்றுக்கும் 0.30. சோதனையாளர் மொத்தத்துக்குக் கணக்கிட்டார். 3.45 வெள்ளிக்கு வரி 0.3105, முழுமையாக்கினால் 0.31. ஒரு காசு வித்தியாசம். இருவர் கணக்கும் சரி. எந்த முறை வேண்டும் என்று அட்டையில் எழுதப்படவில்லை. நிரலாளர் ஒவ்வொரு முறையும் வேறு எங்கோ பிழையைத் தேடித் திருத்திக்கொண்டிருந்தார். இந்த அட்டை நிரலாளருக்காகக் காத்திருக்கவில்லை, ஒரு முடிவுக்காகக் காத்திருந்தது. அதைச் சொல்ல வேண்டியவர் புராடக்ட் ஓனர். அவரோ கணக்குப் பிரிவைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, தினமும் உயிரோடு இருக்கும் அட்டை. வணிகர்களுக்கான மாத அறிக்கை. ஐந்து நாளாக ‘நடப்பவை’யில். ஒவ்வொரு நாளும் கமிட் இருக்கிறது, கருத்தும் இருக்கிறது. எழுதிய இளைஞரிடம் திங்களன்று கேட்டபோது, “கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, அக்கா” என்றார். செவ்வாயன்றும் அதையே சொன்னார். ஒரே அட்டைக்கு ‘கிட்டத்தட்ட’ இரண்டு நாள் வந்தால் நான் அதை நின்றுபோன அட்டையாகவே எடுத்துக்கொள்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. வேலை அவர் கண் முன்னாலேயே வளர்ந்துகொண்டிருந்தது. கிளையில் மாற்றப்பட்ட கோப்புகளின் பட்டியலைப் பார்த்தால் காரணம் தெரிந்தது: அறிக்கைத் திரை ஒன்று, அதைக் கோப்பாகப் பதிவிறக்கும் வசதி ஒன்று, இரண்டு தனி வேலைகள் ஒரே அட்டைக்குள் இருந்தன. திரை முடிந்துவிட்டது, பதிவிறக்கம் பெரிய கோப்புகளில் திணறிக்கொண்டிருந்தது. முடிந்த பாதியை முடியாத பாதி பிடித்து நிறுத்தியிருந்தது.

மூன்றாவது, மௌனமான அட்டை. ஒரு வங்கியின் சோதனைச் சூழலுடன் எங்கள் சேவையை இணைக்கும் வேலை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கமிட் இல்லை, கருத்து இல்லை. இதைக் கண்டுபிடிக்க நிலை மாற்றத்தைத் தேடாமல், எந்த மாற்றமும் இல்லாததைத் தேட வேண்டும்:

```
sprint in openSprints() AND statusCategory = "In Progress"
AND updated <= -2d
```

இந்தத் தேடலுக்கும் ஒரு குறை உண்டு. யாராவது அட்டையில் ஒரு குறிச்சொல்லைச் சேர்த்தால்கூட அது ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று கணக்காகி, பட்டியலிலிருந்து நழுவிவிடும். அதனால் பட்டியலில் இல்லாதவை எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மௌனமான அட்டைக்கு இன்னோர் அடையாளம், அதே நபரின் பெயரில் ‘நடப்பவை’யில் இரண்டாவது அட்டை. ஒருவர் முதல் வேலையை முடிக்காமல் இரண்டாவதைத் தொடங்கினால், முதலாவதில் ஏதோ தடை என்றுதான் பொருள். இங்கேயும் அதுதான். குழுவில் சேர்ந்து நான்கு மாதமே ஆன நிரலாளர், வங்கியிடம் நுழைவுச் சான்றுகளைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, பதில் வராததால் நேற்று வேறு அட்டையை எடுத்திருந்தார். சும்மா இருக்கக்கூடாது என்ற நல்லெண்ணம். ஆனால் தடைபட்ட அட்டையில் கொடி போடவில்லை. எனவே பலகையைப் பார்க்கும் எவருக்கும் அது நடக்கும் வேலையாகவே தெரிந்தது.

ஐந்தில் மிச்சம் இரண்டு: இந்தப் புதியவரின் இரண்டாவது அட்டை, மூத்தவரின் அட்டை. இரண்டும் அந்தந்தக் காரணங்களால் மெதுவாக நகர்ந்தன.

ஐந்தாம் படி: மிச்ச நாட்களுக்கு எவ்வளவு கொள்ளும் என்று கணக்கிடுங்கள்

1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த ஒரு விதி வரிசைகளுக்கெல்லாம் பொருந்தும். தேக்கா உணவங்காடி நிலையத்தில் பரோட்டாக் கடை வரிசையில் நிற்பவர் மனத்துக்குள் போடும் கணக்குத்தான் அது: எனக்கு முன்னால் எத்தனை பேர், கடைக்காரர் நிமிடத்துக்கு எத்தனை பேரை அனுப்புகிறார்.

```
சராசரி நேரம் = தொடங்கி முடியாத அட்டைகள் ÷ ஒரு நாளில் முடியும் அட்டைகள்
```

முந்தைய ஸ்பிரிண்டுகளில் நாங்கள் பத்து நாளில் ஏறத்தாழ எட்டு அட்டைகளை முடித்துவந்தோம், நாளுக்கு 0.8. அன்று தொடங்கி முடியாமல் இருந்தவை ஐந்தும் நான்கும் ஒன்றும் சேர்ந்து பத்து. பத்தை 0.8-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை வேலைநாள். எங்களிடம் மிச்சமிருந்தது அன்றையும் சேர்த்து ஐந்து நாள்.

இதைத் துல்லியமான கணிப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. வேலை ஓரளவு சீராக வந்து சீராகப் போகும்போதுதான் விதி பொருந்தும். இவ்வளவு சிறிய குழுவில் ஒரு வாரம் நன்றாக அமைந்தாலே எண் மாறிவிடும். ஆனால் ஒரு முடிவுக்கு இது போதும். ‘செய்ய வேண்டியவை’யில் இருக்கும் நான்கு அட்டைகளை இந்த ஸ்பிரிண்டில் யாரும் தொடக்கூடாது. கை ஓய்ந்தவர் புதிதாக எடுக்காமல், வலப்புறத்தில் நிற்கும் ஒன்றைத் தள்ளிவிட உதவ வேண்டும்.

ஆறாம் படி: கேட்கும் விதம்

பத்து நிமிடத்தில் இவ்வளவும் கையில் இருந்தது. கூட்டத்தில் நான் ஒருவரிடமும் ‘ஏன் இன்னும் முடிக்கவில்லை’ என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் ‘கிட்டத்தட்ட’ என்ற சொல்தான் பதிலாக வரும். ஒவ்வோர் அட்டைக்கும் ஒரே கேள்வி: “இந்த அட்டை இப்போது எதற்காகக் காத்திருக்கிறது?”

புதியவரிடம் மட்டும் கூட்டத்துக்கு முன்பே தனியாகப் பேசினேன். எல்லார் முன்னிலையிலும் இரண்டு அட்டையைப் பற்றிக் கேட்டால், தன்மேல் குறை சொல்வதாக நினைத்துவிடுவார் என்று தோன்றியது. “வங்கி பதில் போடவில்லை, அக்கா. நானே இன்னும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம் என்றிருந்தேன்” என்றார். எத்தனை நாள் காத்திருப்பது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அது என் தவறு. வெளியாரிடமிருந்து ஒரு வேலைநாளுக்குள் பதில் வராவிட்டால் கொடி போட்டு என்னிடம் சொல்ல வேண்டும் என்று அன்றே குழுவில் பேசி வைத்தோம். கொடி போடுவது புகார் இல்லை, உதவி கேட்கும் வழி என்பதையும் சொன்னேன். முதல் கொடியை நானே, என் பெயரில் இருந்த ஒரு வேலையின்மேல் போட்டுக் காட்டினேன்.

அந்த ஸ்பிரிண்டின் மிச்ச நாட்கள்

மூத்தவர் தம் அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, மதியத்துக்குள் இரண்டு புல் ரிக்வெஸ்ட்டுகளைப் பார்த்து முடித்தார். மூன்றாவதற்குச் சென்னையில் உள்ள ஒரு நிரலாளரின் பெயரை அந்த வரியில் சேர்த்தோம். ஒரே வரியில் இருவர் பெயர் இருந்தால் ஒருவர் ஒப்புதல் தந்தாலே போதும். அந்தக் கோப்புறையில் ஓராண்டுக்கு மேல் வேலை செய்தவர் என்பதால் அவரைச் சேர்த்தோம். அவசரத்துக்காக யார் பெயரையும் சேர்த்துவிட்டால் ரிவ்யூ வெறும் கையெழுத்தாகிவிடும்.

உடனே அடைப்பு இடம் மாறியது. வியாழக்கிழமை காலை மூன்று அட்டைகள் ஒன்றாக டெஸ்டிங்கில் போய் விழுந்தன, சோதனையாளர் ஒருவர்தான். இதை நான் முதல் நாளே எதிர்பார்த்திருக்க வேண்டும். ஓர் இடத்தில் திறந்துவிட்டால் அடுத்த குறுகலான இடத்தில்தான் போய்த் தேங்கும். சிங்கப்பூர் நிரலாளர்கள் இருவரை, தாங்கள் எழுதாத அட்டைகளைச் சோதிக்கச் சொன்னேன். எதையெதைச் சோதிப்பது என்ற பட்டியலைச் சோதனையாளர் எழுதிக் கொடுத்தார். சிங்கப்பூர் காலை நேரத்தில் அவர்கள் சோதிக்க, மதியத்துக்குப் பிறகு அவர் தொடர்ந்தார்.

வரிக் கணக்குக்குக் கணக்குப் பிரிவிடமிருந்து வியாழன் மதியம் பதில் வந்தது: மொத்தத்துக்குக் கணக்கிட்டு ஒருமுறை முழுமையாக்குவது. அந்த ஒரு வாக்கியத்தையும், மூன்று பொருள் உதாரணத்தையும் அட்டையில் எழுதினோம். திருத்தம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மாத அறிக்கையை இரண்டு அட்டையாகப் பிரித்தோம். திரை ரிவ்யூவுக்குப் போனது, பதிவிறக்கம் அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளப்பட்டது.

பத்தாம் நாள் மாலை முடிந்தவை எட்டு. அறிக்கைத் திரை டெஸ்டிங்கில், புதியவரின் இரண்டாவது அட்டை ரிவ்யூவில், மூத்தவரின் அட்டை ‘நடப்பவை’யில். வங்கியின் சான்றுகள் அதற்குள் வரவில்லை. எது எதற்காக எத்தனை நாள் காத்திருந்தது என்று ஒவ்வோர் அட்டையிலும் ஒரு வரி எழுதி வைத்தேன். இந்த முறை மேலாளர் கேட்டபோது அந்த வரிகளையே படித்துக் காட்டினேன்.

வெளியாரிடம் கேட்டுப் பெற வேண்டிய எதையும் இப்போது நாங்கள் வேலை அட்டைக்குள் புதைத்து வைப்பதில்லை. ‘வங்கியிடம் சான்றுகள் கேட்பது’ என்று தனி அட்டை, தேவைப்படும் ஸ்பிரிண்டுக்கு முந்தைய ஸ்பிரிண்டிலேயே திறக்கப்படுகிறது. சான்றுகள் கைக்கு வந்து அது ‘முடிந்தவை’க்குப் போன பிறகுதான் இணைப்பு வேலையின் அட்டை பலகைக்குள் வருகிறது.